1.60 என்று போட்டுவிட்டால் ஆயிற்றா?

ஆடி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சகலை பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். கையில் வழக்கமான மஞ்சள் பை. வழக்கமாக அதில் தேங்காயும் முருங்கைக்காயும் இருக்கும். அன்று ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கனத்த புத்தகம் இருந்தது. ஒரு நூற்பாலைக் கம்பெனியின் ஆண்டறிக்கை. மருமகன் செல்போனில் அனுப்பியதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஒரு பக்கம் விடாமல் பிரின்ட் எடுத்திருக்கிறார். அந்தச் செலவே ஐந்நூறு ரூபாயைத் தாண்டியிருக்கும்.

சகலை அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேங்க் டெபாசிட் ஒன்று முதிர்ந்து நாலு லட்சம் கைக்கு வந்திருக்கிறது. மருமகன் அதை இந்த ஆலையின் பங்கில் போடச் சொல்கிறார். சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முதலீட்டுக் கூட்டத்துக்கும் மாமனாரை அழைத்துப் போயிருக்கிறார். அங்கே கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, "கரன்ட் ரேஷியோ ஒன்றரைக்கு மேல, டெப்ட் ஈக்விட்டி ஒன்றுக்குக் கீழ. இந்த ரெண்டும் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். இந்த ஆலையின் அறிக்கையில் முதலாவது 1.60, இரண்டாவது 0.76. மருமகனுக்கு வேறென்ன வேண்டும்?

"ஏனுங்க சகலை, எனக்குப் புரியலைன்னு சொன்னா பயந்தாங்கொள்ளிங்கறான். கண்ணைத் திறந்துக்கிட்டே பார்த்தும் புரியாததைக் கண்ணை மூடிக்கிட்டு எப்படிங்க வாங்கறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. மண்டபத்து மைக்காரரிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிடப் பெரிய கோபம் அந்த அறிக்கையை எழுதியவர்களிடம் இருக்கிறது. என் மேலும் கொஞ்சம் இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எண்களையும் கணக்குப் போட வசதியாக முழு எண்ணாக்கிக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். விஷயம் மாறவில்லை.

முதலில் கரன்ட் ரேஷியோ. "கரன்ட்டுன்னா மின்சாரக் கட்டணத்தைப் பத்தியதா?" என்று சகலை கேட்டார். சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி. பள்ளிக்கூடக் கணக்கியல் புத்தகத்தில் இதற்கு நடப்பு விகிதம் என்று பெயர். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் பணமாக மாறும் என்று கம்பெனி சொல்லும் பொருள்கள் நடப்புச் சொத்துகள். அதே பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை நடப்புப் பொறுப்புகள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் இந்த எண். ஆலையிடம் நடப்புச் சொத்து 160 கோடி, நடப்புப் பொறுப்பு 100 கோடி. வகுத்தால் 1.60. அதாவது இந்த வருஷம் கொடுக்க வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே, இந்த வருஷம் வரப்போகிற ஒரு ரூபாய் அறுபது காசு இருக்கிறதாம்.

"இருக்கிறதாம்" என்று நான் இழுத்ததைச் சகலை கவனித்துவிட்டார். தமிழாசிரியர் ஆயிற்றே.

நான் அவரிடம் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிக் காட்டினேன். அந்த 160 கோடியில் ரொக்கமும் பேங்க் இருப்பும் வெறும் 8 கோடி. கையிருப்புச் சரக்கு 80 கோடி. நூல் வாங்கியவர்கள் தரவேண்டிய பாக்கி 60 கோடி. மீதி 12 கோடி ஜிஎஸ்டி வரவு, முன்பணம் என்று சில்லறை. எதிர்ப்பக்கம் 100 கோடியில் பேங்குக்கு 55, பஞ்சு கொடுத்தவர்களுக்கு 35, மற்றவை 10. கொடுக்க வேண்டியது முழுக்கப் பணமாகக் கொடுக்க வேண்டும். வரவேண்டியதில் பெரும்பகுதி இன்னும் நூலாகவும் பாக்கியாகவும் இருக்கிறது. விகிதம் சரியா என்று பார்ப்பது, அந்த நூலும் பாக்கியும் சொன்ன நேரத்தில் பணமாகுமா என்று பார்ப்பதுதான். வகுத்தல் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும்.

பாக்கியை எடுத்துக்கொள்வோம். இதற்கு அறிக்கையிலேயே ஒரு அட்டவணை இருக்கிறது, மைக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. 2021 மார்ச்சில் மத்திய அரசு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தியது. அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல், வரவேண்டிய பாக்கி எத்தனை நாள் பழையது என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியாக வேண்டும். ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, அதற்கும் மேல் என்று கட்டங்கள் இருக்கும். ஆங்கிலத்தில் "டிரேட் ரிசீவபிள்ஸ்" என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்கும். இந்த ஆலையின் 60 கோடியில் ஆறு மாதத்துக்குள் உள்ளது 33 கோடிதான். மீதி 27 கோடி அதைவிடப் பழையது. அதிலும் 8 கோடி இரண்டு வருஷத்தைத் தாண்டியது.

நூல் வியாபாரத்தில் ஒன்றிரண்டு மாதக் கடன்தான் வழக்கம். ஆறு மாதம் கழித்தும் ஒருவர் பணம் தரவில்லை என்றால் அவர் தறி நின்றிருக்க வேண்டும், அல்லது நூல் தரத்தில் தகராறு இருக்க வேண்டும். நான் பேங்கில் கடன் பிரிவில் இருந்த காலத்தில் 90 நாள் தாண்டிய பாக்கியை எண்ணி ஓவர்டிராப்ட் கொடுக்கவே மாட்டோம். அப்படியிருக்க இரண்டு வருஷம் ஊறின பாக்கி "நடப்பு" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த 27 கோடியைக் கழித்தேன். 133 கோடி. விகிதம் 1.33.

அடுத்தது சரக்கு. இங்கே ஆலைக்காரருக்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கிக் கோடை வரைக்கும் இருக்கும். சீசனில் வாங்கிக் குவித்தால்தான் அப்புறம் ஆலை ஓடும். ஆகவே மார்ச் 31 அன்று 30 கோடிக்குப் பஞ்சு இருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அது வழக்கம். நான் பார்க்கச் சொன்னது பஞ்சை அல்ல, விற்காத நூலை. போன வருஷம் 20 கோடிக்கு நூல் கிடந்தது. இந்த வருஷம் 38 கோடிக்குக் கிடக்கிறது. ஆனால் விற்பனை 400 கோடியிலிருந்து 360 கோடிக்கு இறங்கியிருக்கிறது. விற்பனை குறையும்போது குடோன் நிரம்பினால் அதற்குப் பெயர் இருப்பு அல்ல, தேக்கம். கூடுதலாகச் சேர்ந்த அந்த 18 கோடியையும் ஒதுக்கிவைத்துப் பார்த்தேன். 115 கோடி. விகிதம் 1.15.

அந்த நூல் ஒருபோதும் விற்காது என்று நான் சொல்லவில்லை. விலையை இறக்கினால் நாளைக்கே விற்கும். ஆனால் பேங்குக்குத் தவணை கட்ட வேண்டிய தேதி, நல்ல விலைக்காகக் காத்திருக்காது. பேங்குக்குத் தரவேண்டிய 55 கோடியில் 12 கோடி, நீண்டகாலக் கடனில் இந்த வருஷம் கட்டவேண்டிய தவணை. கையில் ரொக்கம் 8 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் சகலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு அசம்பாவிதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த 1.33 என்ற எண்ணோடு எனக்குப் பழைய பகை உண்டு. 1975-இல் டாண்டன் கமிட்டி அறிக்கை வந்தது. நடப்புச் சொத்தில் கால் பங்கை முதலாளி தன் நீண்டகாலப் பணத்திலிருந்து போட வேண்டும், மீதி முக்கால் பங்குக்குத்தான் சப்ளையர் கடனும் பேங்க் கடனும் என்பது அதன் இரண்டாவது முறை. நூறை எழுபத்தைந்தால் வகுத்தால் 1.33. ஒரு நியாயமான யோசனையிலிருந்து பிறந்த எண் அது. ஆனால் எங்கள் கிளைகளில் அது என்ன ஆயிற்று தெரியுமா? கடன் கேட்டு வரும் ஆடிட்டர்கள் கொண்டுவரும் உத்தேச பேலன்ஸ் ஷீட் எல்லாவற்றிலும் விகிதம் 1.33, 1.34, 1.35 என்றே வரும். எந்தத் தொழிலானாலும் சரி. 1.29 வந்தால் நாங்களே "கொஞ்சம் சரிபண்ணிக் கொண்டுவாங்க" என்று திருப்பி அனுப்புவோம். சாயந்திரம் சரியாகி வரும். சரக்கும் பாக்கியும் காலையில் இருந்தபடியேதான் இருக்கும். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால்தான் "ஒன்றரைக்கு மேல் இருந்தால் வாங்கு" என்று எவராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. எல்லோரும் பார்க்கும் எண் என்று தெரிந்தால், அந்த எண்ணை அழகாக வைத்துக்கொள்ள ஆள் இருப்பான்.

அழகுபடுத்துவதற்குப் பொய்க் கணக்கு எழுதக்கூடத் தேவையில்லை. மார்ச் 25-ஆம் தேதி நடப்புச் சொத்து 190, பொறுப்பு 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 1.46. வாங்கியவர்களை நெருக்கி 30 கோடி வசூலித்து, அப்படியே பேங்க் கடனில் கட்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் 30 குறைகிறது. 160-ஐ 100-ஆல் வகுத்தால் 1.60. ஏப்ரல் முதல் வாரத்தில் அதே 30 கோடியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சட்டப்படிதான். விகிதம் ஒன்றுக்கு மேல் இருக்கும் வரை, இரண்டு பக்கமும் ஒரே தொகையைக் கழித்தால் அது ஏறத்தான் செய்யும். கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள்.

இதைப் பிடிப்பது எப்படி என்றால், வருஷம் முழுக்கக் கட்டிய வட்டியைப் பார்க்க வேண்டும். கடன் என்பது மார்ச் 31 அன்று எடுத்த போட்டோ. வட்டி வருஷம் முழுக்க ஓடிய மீட்டர். இந்த ஆலை கட்டிய வட்டி 15 கோடி. பத்து சதவீத வட்டி என்று வைத்தால் வருஷம் முழுக்கச் சராசரியாக 150 கோடி கடன் இருந்திருக்க வேண்டும். அறிக்கையில் இருப்பதோ 126 கோடி. வட்டிக் கணக்கில் பேங்க் கட்டணங்களும் கலந்திருக்கும், வட்டி விகிதமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதனால் முழு வித்தியாசத்தையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் கேள்வி கேட்க இது போதும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் செப்டம்பர் 30 நிலவரத்துக்கும் சொத்து, பொறுப்புக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி இரண்டாவது எண். டெப்ட் ஈக்விட்டி. சகலைக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: மொத்தத் தொழிலில் அடுத்தவன் பணம் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு. அடுத்தவன் பணம் என்பது பேங்கிடமும் மற்றவரிடமும் வட்டிக்கு வாங்கியது. சொந்தப் பணம் என்பது பங்குதாரர் போட்ட முதலும், இத்தனை வருஷ லாபத்தில் எடுக்காமல் விட்டுவைத்ததும். இரண்டாவதில் "விட்டுவைத்தது" என்ற சொல்லை அடிக்கோடிடச் சொன்னேன். அவர் பென்சிலால் கோடு போட்டார்.

இந்த ஆலைக்கு நீண்டகாலக் கடன் 71 கோடி, குறுகியகாலக் கடன் 55 கோடி. மொத்தம் 126. சொந்தப் பணம் 166. வகுத்தால் 0.76. போன வருஷம் கடன் 114, சொந்தப் பணம் 95, விகிதம் 1.20. ஒரே வருஷத்தில் 1.20-லிருந்து 0.76! மருமகன் துள்ளிக் குதித்தது இதைப் பார்த்துத்தான்.

நான் சகலையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்த வருஷம் ஆலைக்கு லாபம் எவ்வளவுங்க?" அவர் தேடிப் பிடித்துச் சொன்னார்: 3 கோடி. அதில் 2 கோடி டிவிடெண்டாகப் போயிற்று. அப்படியானால் விட்டுவைத்தது 1 கோடி. புதிதாகப் பங்கும் விற்கவில்லை. கடனோ 12 கோடி கூடியிருக்கிறது. 95 கோடி சொந்தப் பணம் 96 ஆகலாம். 166 எப்படி ஆனது?

சகலை ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டினார். நான் காபி போடச் சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் அவரே கண்டுபிடித்தார். "அதர் ஈக்விட்டி" என்ற தலைப்பின் கீழே "ரீவேல்யுவேஷன் சர்ப்ளஸ்" என்று ஒரு வரி. போன வருஷக் கட்டத்தில் வெறும் கோடு. இந்த வருஷக் கட்டத்தில் 70 கோடி.

ஆலை இருக்கும் நிலத்தை மறுமதிப்பு செய்திருக்கிறார்கள். எப்போதோ ஏக்கர் சில ஆயிரத்துக்கு வாங்கிய இடம். இன்று பக்கத்தில் பைபாஸ் போகிறது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து இன்றைய விலை போட்டு, வரிக்கு ஒதுக்கியது போக 70 கோடியைச் சொந்தப் பணத்தில் சேர்த்திருக்கிறார்கள். கணக்குத் தரநிலை இதை அனுமதிக்கிறது. திருட்டு ஒன்றும் இல்லை. நிலம் நிஜம், விலையும் பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் அந்த 70 கோடியில் ஒரு ரூபாய்கூடக் கல்லாவுக்கு வரவில்லை. அந்த நிலத்தின் மேல்தான் ஆலை நிற்கிறது, விற்க முடியாது. அதன் பத்திரம் பேங்க் லாக்கரில் அடமானத்தில் இருக்கிறது. நம் வீட்டு மனை விலை ஏறிவிட்டது என்று அடுத்த மாதம் மளிகைக்கடைப் பாக்கியைக் கட்ட முடியுமா?

அந்த 70-ஐக் கழித்துவிட்டு வகுத்தோம். 126-ஐ 96-ஆல் வகுத்தால் 1.31. அதாவது கடன் சுமை 1.20-லிருந்து 0.76-க்கு இறங்கவில்லை. 1.31-க்கு ஏறியிருக்கிறது. அறிக்கையின் எண் போன திசையும் நிஜம் போன திசையும் எதிரெதிர்.

நான் மேலே சொன்ன அதே 2021 திருத்தத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. கம்பெனிகள் 11 விகிதங்களை அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். எதை எதால் வகுத்தோம் என்று சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று போன வருஷத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணம் எழுத வேண்டும். நல்ல விதி. சட்டம் போட்டவர் நம்மைப் போன்ற ஆள்களை நினைத்துத்தான் போட்டிருக்கிறார். இங்கே மாற்றம் 37 சதவீதம். ஆகவே ஆலை காரணம் எழுதியிருக்கிறது. என்ன காரணம் தெரியுமா? "ஈக்விட்டி அதிகரித்ததால்." அவ்வளவுதான். ஒரே வரி.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஜுரம் ஏன் வந்தது என்று கேட்டால் உடம்பு சுட்டதால் என்று சொல்கிற டாக்டரை நாம் என்ன செய்வோம்? ஈக்விட்டி அதிகரித்தது என்று எங்களுக்கும் தெரியும். அது ஏன் அதிகரித்தது, லாபத்தாலா, புதுப் பங்காலா, நிலத்து விலையாலா என்பதுதான் கேள்வி. "நிலத்தை மறுமதிப்பு செய்ததால்" என்று எழுத இன்னும் இரண்டு சொல் ஆகியிருக்கும். இத்தனை பக்க அறிக்கையில் மரக்கன்று நட்ட போட்டோவுக்கு முழுப்பக்கம் இருக்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கு இடம் இல்லை. விதியின் எழுத்தைக் காப்பாற்றி, அதன் உயிரை எடுத்துவிட்டார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆலையில் வேலை பார்ப்பவர்கள் தமிழர்கள், பங்கு வைத்திருப்பவர்களில் நம் ஜில்லாக்காரர்கள் ஏராளம். காலாண்டு முடிவு விளம்பரம் தமிழ்ப் பேப்பரில் வருகிறது, அதுவும் சட்டம் சொல்வதால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் எழுத்தில். ஆண்டறிக்கை முழுக்கத் தமிழில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த 11 விகித அட்டவணையும் காரணங்களும் மூன்று பக்கம் வரும். அதைத் தமிழில் போடக் கம்பெனிக்கு என்ன கேடு? "இங்கிலீஷ் தெரியாதவன் பங்குச் சந்தைக்கு ஏன் வர்றான்" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். அவனுடைய பணம் மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் வாங்கிக்கொள்வார்களா? மைக்காரர் தமிழில்தான் பேசினார். "வாங்கலாம்" என்ற சொல் மட்டும் தமிழில் வருகிறது, ஏன் என்பது ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகிறது.

மறுநாள் மருமகன் போன் பண்ணினார். தங்கமான பையன், கோபம் எனக்கு அவர் மேல் இல்லை. "பெரியப்பா, நீங்க பார்க்கிற மாதிரி பார்த்தா எந்தக் கம்பெனியையும் வாங்க முடியாதுங்க" என்றார். அப்படி இல்லை. நான் எண்ணைத் தாழ்த்துவதற்காகப் பார்க்கவில்லை. அண்ணாச்சி மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவன் கையோடு காசு கொடுக்கிறான், மளிகைக்கடைக்கு மாதக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். அவருடைய நடப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும், ஆனாலும் நிம்மதியாகத் தூங்குவார். சோப்பும் பற்பசையும் விற்கும் பெரிய கம்பெனிகளில் சிலவும் இப்படித்தான். மைக்காரர் விதிப்படி அவை தேறாது. அதேபோல் பேங்குக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் இந்த இரண்டு விகிதத்தையும் போட்டுப் பார்ப்பதே தப்பு. கடன் வாங்கிக் கடன் கொடுப்பதுதான் அவர்கள் தொழில், நம் டெபாசிட்டே அவர்களுக்குக் கடன். அவர்களுக்கு மூலதனப் போதுமை விகிதம் என்று தனி அளவுகோல் இருக்கிறது.

இந்த ஆலையும் நாசமாகப் போய்விடும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. பஞ்சு விலை இறங்கி நூல் விலை நின்றால் அடுத்த வருஷமே நிமிரலாம். வட்டியும் வரியும் கட்டுவதற்கு முன்னால் ஆலை சம்பாதித்தது 19 கோடி, அதில் வட்டிக்கே 15 கோடி போகிறது என்பதையும் மருமகனிடம் சொன்னேன். சம்பாத்தியம் நாலு கோடி குறைந்தால் லாபம் பூஜ்யம். அது தெரிந்து, தாங்கக்கூடிய வயசும் சம்பளமும் இருக்கிற அவர், தன் பணத்தைப் போடட்டும். மாமனாரின் நாலு லட்சம் வேறு. அவருக்கு அடுத்த மாதம் சம்பளம் வராது, பென்ஷன்தான். "1.60, 0.76, அதனால வாங்குங்க" என்று அவரிடம் சொல்வதுதான் தப்பு. மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த எழுபது கோடி வரியை நான் பார்க்கலைங்க பெரியப்பா" என்றார்.

சகலை பணத்தை மறுபடி பேங்கில் ஒரு வருஷத்துக்குப் போட்டுவிட்டார். ஆனால் ஆலையை விடவில்லை. முன்பே மருமகன் வாங்கிக் கொடுத்த 50 பங்கு அவர் பெயரில் இருக்கிறது. பங்குதாரர் என்ற உரிமையோடு கம்பெனி செயலாளருக்குத் தன் முத்துமுத்தான கையெழுத்தில் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினார். இரண்டே கேள்விகள். மறுமதிப்புத் தொகையை நீக்கினால் கடன் விகிதம் எவ்வளவு? ஆறு மாதம் தாண்டிய 27 கோடிப் பாக்கியில் இதுவரை எவ்வளவு வசூலாகியிருக்கிறது?

பத்து நாளில் ஈமெயிலில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆண்டறிக்கையின் குறிப்பு எண் 47-ஐப் பார்க்கவும் என்று. 47-ஆம் குறிப்பு எது தெரியுமா? "ஈக்விட்டி அதிகரித்ததால்" என்று எழுதியிருந்த அதே அட்டவணை.

சகலை அசரவில்லை. அதே இரண்டு கேள்விகளை மறுபடி எழுதி, குறிப்பு 47-ஐப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்று ஒரு வரி சேர்த்து, இந்த முறை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஆலையின் ரப்பர் ஸ்டாம்போடு ஒப்புகை அட்டை நேற்றுத் திரும்பி வந்துவிட்டதாம். அதை அந்த ஸ்பைரல் புத்தகத்தில் 47-ஆம் குறிப்பு இருக்கும் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.